அம்மாவின் சேலை ஏன் தரையில் புரள்கிறது?

சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்கு முதுகுவலியும் வந்துசேரும். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து முதுகை அமுக்கிவிட்டால் பிடிப்பு விட்டுப்போகும் என்ற நம்பிக்கையில் வீட்டுப் பெரியவர்களைக் காரில் ஏற்றி வருகிறார்கள். அந்த முதுகுவலிகளில் சில வெறும் பிடிப்பல்ல. முதுகெலும்பில் ஒரு கண்ணி ஏற்கெனவே நொறுங்கி அமுங்கியிருக்கும். விழவில்லை, அடிபடவில்லை என்பதால் எலும்பு முறிந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. எக்ஸ்-ரே எடுத்தாலும் பல நேரம் ‘தேய்மானம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

தென்காசி வட்டாரத்தில் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன் என்ற முறையில் அந்த ‘தேய்மானம்’ என்ற சொல்லோடு எனக்கு நீண்டநாள் சண்டை உண்டு. அது ஏன் என்று சொல்ல ஒரு அம்மாவின் கதை போதும். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குடம் தூக்கிய காலை

வயது 71. நாற்பது வருடமாகப் பீடி சுற்றியவர். தெருக்குழாயில் நிறைந்த குடத்தைக் குனிந்து தூக்கியபோது நடுமுதுகில் ‘சடக்’ என்றது. அன்று மாலையே படுத்துவிட்டார். வலி முதுகிலிருந்து இரண்டு விலாப்பக்கமும் சுற்றி முன்வயிறுவரை வந்தது. எனவே முதலில் கிடைத்த பெயர் வாய்வுப் பிடிப்பு. பூண்டுப் பால், ஓமம், மருந்துக்கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த செட் மாத்திரை என்று பத்து நாள் போனது.

பிறகு ஒரு மருத்துவமனையில் இடுப்பு எக்ஸ்-ரே எடுத்தார்கள். “எலும்பு தேஞ்சிருக்கு, வயசுக்கு உள்ளதுதான்” என்ற பதிலும் கால்சியம் மாத்திரையும் கிடைத்தன. மூன்றாவது வாரம் மருமகன் குற்றாலத்துக்கு அழைத்துப்போய் நல்லெண்ணெய் தேய்க்க வைத்தார். குப்புறப் படுக்கவைத்து, முழங்கையை ஊன்றி அமுக்கியிருக்கிறார்கள். அன்று இரவு அவரால் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை.

என்னிடம் வந்தபோது நான் கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றியதல்ல. “உயரம் குறைஞ்ச மாதிரி இருக்காம்மா?” என்றுதான் கேட்டேன். அவர் யோசித்துக்கொண்டிருக்கையில் மகள் முந்திக்கொண்டார்: “சேலை தரையில புரளுது சார். முன்னெல்லாம் கணுக்காலுக்கு மேல நிக்கும். சாமி மாடத்துல விளக்கு ஏத்த எட்டலன்னு இப்ப மணைபோட்டு ஏறுதாவ.”

மருத்துவப் புத்தகத்தில் இருப்பதை அந்த மகள் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். ஜாக்கெட்டின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது, ஆள் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்தள்ளுவது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துபோவது எல்லாம் இதே கதையின் அடுத்தடுத்த வரிகள். முதுகு சுருங்கிக் கூனும்போது விலா எலும்பின் கீழ்விளிம்பு இடுப்பெலும்பை நோக்கி இறங்குகிறது. இடையில் வயிற்றுக்கு இடமில்லாமல் போகிறது. நிற்கவைத்து விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தால், இரண்டு விரலுக்கும் குறைவான இடம்தான் இருந்தது.

எத்தனை சென்டிமீட்டர் போனது?

நம் ஊரில் இளவயது உயரத்துக்குக் காகிதச் சான்று இருப்பது அபூர்வம். ராணுவத்திலோ போலீஸிலோ சேர்ந்தவர்களுக்கு ஆளெடுப்பில் அளந்த கணக்கு இருக்கும். மற்றவர்களுக்கு இருக்காது. இந்த அம்மாவிடம் தற்செயலாக ஒன்று இருந்தது. 41 வயதில் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிய அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சீட்டு. மயக்க மருந்துக்காக உயரம் பார்த்து 151 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தார்கள். இப்போது சுவரோரம் நிறுத்தி அளந்தால் 145. ஆறு சென்டிமீட்டர் போயிருக்கிறது.

வயதானால் எல்லோரும் கொஞ்சம் குறுகத்தான் செய்வார்கள். எலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டு காய்ந்து மெலிவதும், உடல் முன்சாய்வதும் அதற்குக் காரணம். ஆனால் இளவயது உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் குறைந்திருந்தாலும், மருத்துவமனையில் அளந்த உயரம் முந்தைய அளவைவிட 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலும், வலி இல்லாவிட்டால்கூட முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்.

பழைய சீட்டு இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்தால் அது ஏறக்குறைய இளவயது உயரத்தைக் காட்டும். சிலருக்குக் கைவீச்சு இயல்பிலேயே உயரத்தைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கும் என்பதால் இதைத் துப்பாகத்தான் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

படத்தின் ஓரத்தில் இருந்த எலும்பு

முன்பு எடுத்த எக்ஸ்-ரேயை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அது ‘எல்.எஸ். ஸ்பைன்’ படம், அதாவது இடுப்பு முதுகெலும்பு. ஐந்து இடுப்புக் கண்ணிகளும் நன்றாகத் தெரிந்தன. அவற்றின் விளிம்புகளில் வயதுக்கு உரிய முள்வளர்ச்சியும் இருந்தது. ‘தேய்மானம்’ என்று எழுதியவர் பொய் எழுதவில்லை. ஆனால் படத்தின் மேல்விளிம்பில், பாதி வெட்டுப்பட்ட நிலையில், நெஞ்சுப்பகுதியின் கடைசிக் கண்ணியான டி-12 இருந்தது. சிக்கல் அங்கேதான்.

முதுகெலும்பு அமுங்கி முறியும்போது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் முறியும். ஒன்று, விலாக்கூட்டின் பிடிப்பு முடிந்து இடுப்புப்பகுதி தொடங்கும் டி-12, எல்-1. மற்றொன்று, கூன் அதிகமாக வளையும் டி-7, டி-8. இடுப்பை மட்டும் எடுக்கும் படத்தில் இரண்டாவது இடம் வராது, முதல் இடம் ஓரத்தில் ஒதுங்கும். நோயாளி “இடுப்புக்கு மேல வலிக்கு” என்று சொல்லியிருப்பார். சீட்டில் பழக்கத்தின் காரணமாக எல்.எஸ். ஸ்பைன் என்று எழுதப்பட்டிருக்கும்.

நெஞ்சுப்பகுதிக்கும் இடுப்புப்பகுதிக்கும் பக்கவாட்டில் படம் எடுக்கச் சொன்னேன். முன்னிருந்து எடுக்கும் படத்தில் இந்த முறிவு எளிதில் ஏமாற்றிவிடும். பக்கவாட்டில் பார்த்தால் ஒவ்வொரு கண்ணியும் செங்கல்போலத் தெரிய வேண்டும். இவருடைய டி-12 செங்கலாக இல்லை, ஆப்பாக இருந்தது. பின்பக்க உயரம் 27 மில்லிமீட்டர், முன்பக்கம் 17. அதாவது முன்பக்கத்தில் ஏறக்குறைய 37 சதவீதம் போய்விட்டது.

அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஹாரி ஜெனன்ட் 1993-ல் வகுத்துக் கொடுத்த அளவுகோலைத்தான் உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். உயர இழப்பு 20 முதல் 25 சதவீதம் என்றால் லேசான முறிவு. 25 முதல் 40 என்றால் நடுத்தரம். அதற்கு மேல் போனால் கடுமை. இவருடையது நடுத்தரம். மேலே டி-8-ல் இன்னொரு ஆப்பு இருந்தது. பின்பக்கம் 21, முன்பக்கம் 16. இது லேசான வகை, விளிம்புகள் மழுங்கி ஆறிப்போன பழைய முறிவு. அது எப்போது முறிந்தது என்று அவருக்கே தெரியாது. “ரெண்டு வருசத்துக்கு முன்ன பஸ்ஸுல கடைசி சீட்ல உக்காந்து வந்தப்ப வேகத்தடையில தூக்கிப்போட்டுச்சு, ஒரு வாரம் முதுகு வலிச்சுது” என்றார். ஒருவேளை அதுவாக இருக்கலாம். முதுகெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் மருத்துவர் கண்ணில் படுகிறது. மற்றவை இப்படிச் சாதாரண முதுகுவலியாக வந்து போய்விடுகின்றன.

இங்கே கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். இரண்டு எலும்பிலும் சேர்த்து 15 மில்லிமீட்டர்தானே போயிருக்கிறது, உயரம் எப்படி 6 சென்டிமீட்டர் குறைந்தது? கண்ணிகள் முன்பக்கம் மட்டும் அமுங்குவதால் அவற்றுக்கு மேலுள்ள உடல் முழுவதும் முன்சாய்கிறது. அந்தச் சாய்வில் போனது ஒரு பங்கு. வட்டுகள் மெலிந்ததில் போனது இன்னொரு பங்கு. எனவே உயரம் குறைந்தவர் எல்லோருக்கும் முறிவு இருக்கும் என்று கொள்ள முடியாது. முறிவைத் தேடிப் பார்க்க அது ஒரு காரணம், அவ்வளவே.

எலும்பு ஏன் தாங்கவில்லை?

ஒரு குடம் தண்ணீருக்கு முதுகெலும்பு நொறுங்குகிறது என்றால் குற்றம் குடத்தின் மீது இல்லை. கண்ணியின் உள்ளே எலும்பு கட்டியாக இருக்காது, தேன்கூடுபோலக் குறுக்கும் நெடுக்குமான மெல்லிய தூண்களால் ஆனது. சினைப்பைச் சுரப்பு நின்றபின் முதலில் குறுக்குத் தூண்கள் கரைகின்றன. நெடுந்தூண்கள் துணையில்லாமல் தனியே நின்று, குனிந்து பளு தூக்கும்போது முன்பக்கமாக மடிகின்றன.

இவருக்கு அந்தச் சுரப்பு 41 வயதிலேயே நின்றுவிட்டது. இயல்பாக மாதவிடாய் நிற்கும் பெண்ணைவிட எலும்புத் தேய்வு பல ஆண்டுகள் முன்கூட்டியே தொடங்கிவிட்டது. காலையிலிருந்து மாலைவரை திண்ணையிலும் உள்ளறையிலும் முறத்தோடு உட்கார்ந்து பீடி சுற்றியதில் வெயில் படவில்லை. ரத்தத்தில் வைட்டமின் டி மிகவும் குறைவாக இருந்ததில் வியப்பில்லை. எனக்கு அதைவிட உறுத்தியது செட் மாத்திரை. மூட்டுவலிக்கு என்று வருடக்கணக்கில் விட்டுவிட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். பெயரில்லாத அந்தப் பொட்டலங்களில் ஸ்டீராய்டு மாத்திரை கலந்திருப்பது எங்கள் பக்கத்தில் எல்லா மருத்துவர்களுக்கும் தெரிந்த சங்கதி. வலி உடனே பறந்துபோகும், எலும்பும் மெதுவாகக் கூடவே போகும்.

‘எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்க வேண்டாமா?’ என்று மகள் கேட்டார். டெக்ஸா எனப்படும் அந்தப் பரிசோதனையில் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் எலும்பு மெலிவு நோய் என்பது 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு வகுத்த எல்லை. எடுத்தால் நல்லதுதான், பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆனால் பெரிய அடி இல்லாமலே முதுகெலும்பு முறிந்தவருக்கு, வேறு நோய் இல்லை என்று உறுதியான பின், அந்த முறிவே போதிய சான்று. ஸ்கேன் எண்ணுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. மேலும் அமுங்கிய எலும்பு சின்ன இடத்தில் நெருங்கி நிற்பதால் ஸ்கேனில் அடர்த்தி கூடுதலாகத் தெரிந்து ஏமாற்றவும் செய்யும். முகாம்களில் குதிகாலை இயந்திரத்தில் வைத்துச் சொல்லும் ‘எலும்பு பலம்’ இந்தக் கணக்கில் சேராது.

வேறு நோய் இல்லை என்று எப்படித் தெரியும்?

நொறுங்கிய எலும்பைப் பார்த்ததும் வயதின் மேல் பழியைப் போட்டுவிடக் கூடாது. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. எலும்புக்குப் பரவும் புற்றுநோயும், மைலோமா என்ற ரத்தப் புற்றும் இதே வேடத்தில் வரும்.

படமே சில துப்புகளைத் தரும். எலும்பு மெலிவில் கண்ணிகளுக்கு இடையிலான வட்டு ஓரளவு தப்பியிருக்கும். காசநோய் பொதுவாக வட்டையும் அதன் இருபக்க எலும்பையும் சேர்த்துத் தின்னும். முன்னிருந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கண்கள்போல வட்டங்கள் தெரியும். அதில் ஒன்றைக் காணோம் என்றால் புற்றுநோயைத் தேட வேண்டும். கழுத்துக்குச் சற்றுக் கீழே, டி-4-க்கு மேலே உள்ள கண்ணி முறிந்திருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். படுத்தாலும் குறையாத இரவு வலி, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவையும் எச்சரிக்கைகள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

இந்த அம்மாவுக்கு ரத்த அணுக்கள், இ.எஸ்.ஆர்., கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு, மைலோமாவுக்கான புரதப் பரிசோதனை எல்லாம் பார்த்தோம். வைட்டமின் டி தவிர மற்றவை சரியாக இருந்தன.

கால்சியம் மட்டும் போதாது

முறிந்த கண்ணி ஆறு முதல் எட்டு வாரத்தில் வலி அடங்கி ஆறிவிடும். ஆப்பு வடிவம் மட்டும் திரும்பாது. வலி கடுமையாக இருக்கும் சில நாட்கள் படுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் எலும்பு இன்னும் கரையும். ஊசிவழியாகச் சிமெண்ட் நிரப்பும் சிகிச்சையைப் பற்றி மருமகன் கேட்டார். 2009-ல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் போட்டவர்களுக்கும் போட்டதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலி ஒரே அளவில்தான் குறைந்தது. வேறு வழியில்லாத சிலருக்கு அது பயன்படலாம். இவருக்குத் தேவைப்படவில்லை.

உண்மையான கவலை அடுத்த முறிவு. 2001-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, புதிதாக முதுகெலும்பு முறிந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இன்னொரு கண்ணி முறிகிறது. இடுப்பு எலும்பு முறியும் வாய்ப்பும் ஏறக்குறைய இருமடங்காகிறது. வெறும் கால்சியம் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புவது இதனால்தான் குறைச் சிகிச்சை ஆகிறது.

முதலில் எட்டு வாரம் வாரந்தோறும் 60,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்து குறையை நிரப்பினோம். அதன்பின் எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்து. வாரம் ஒருமுறை விழுங்கும் 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் மாத்திரை விலை குறைந்தது, நல்ல பலன் தருவது. ஆனால் அதை விடிகாலை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் காபியும் குடிக்காமல், படுக்கவும் செய்யாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். நெஞ்செரிச்சல் உள்ள இவருக்கு அது ஒத்துவராது என்பதால், வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் 5 மில்லிகிராம் போட்டோம். சிறுநீரகம் சரியாக இருந்தால்தான் இதைப் போடலாம். ஆடும் பல்லைப் பிடுங்குவதாக இருந்தால் முன்னாலேயே பிடுங்கிவிட வேண்டும். போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம் என்று முதலிலேயே சொல்லிவைத்தேன். சொல்லாமல் விட்டால் அடுத்த வருடம் ஊசிக்கு ஆள் வராது.

வீட்டில் மாற்றியவை சின்ன விஷயங்கள். குடத்துக்குப் பதில் பாதி வாளி. குனிந்து பெருக்கும் வாரியலுக்கு நீளக் கம்பு. பீடி சுற்றும் இடம் முற்றத்துக்கு மாறியது. செட் மாத்திரை நின்றது, ஆனால் நீண்டநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் அதைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து என்பதால் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாக.

என்ன செய்யலாம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியிருந்தார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீடுதேடிப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கையில் ஒரு அளவு நாடாவும் கொடுத்து, 60 வயதானவர்களின் உயரத்தை வருடம் ஒருமுறை அதே அட்டையில் எழுதச் சொல்லலாம். இளவயது உயரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முதல் வருடத்து எண்ணே அடுத்த வருடத்துக்கு ஆதாரம்.

வயதானவருக்கு முதுகு எக்ஸ்-ரே எழுதும் மருத்துவர்கள் எல்.எஸ். ஸ்பைனோடு நெஞ்சுப்பகுதியின் பக்கவாட்டுப் படத்தையும் சேர்த்து எழுத வேண்டும். படத்தைப் படிப்பவர்கள் ‘லேசான சரிவு’, ‘உயரக் குறைவு’ என்று சுற்றிவளைக்காமல் ‘முறிவு’ என்றே எழுத வேண்டும். அந்தச் சொல் இருந்தால்தான் அடுத்த மேசையில் இருப்பவர் சிகிச்சையைத் தொடங்குவார். முறிவு என்று எழுதப்பட்ட ஒவ்வொருவருடைய பெயரையும் தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரு பதிவேட்டில் குறித்துவைத்து, ஒரு செவிலியர் வருடாந்திர ஊசி நாளை நினைவூட்டினாலே பாதி வேலை முடிந்தது.

குற்றாலத்துக்கு வருவோம். அருவியில் குளித்தால் எலும்பு முறியும் என்று நான் சொல்லவில்லை. பேரருவியே பொங்குமாங்கடலில் ஒருமுறை விழுந்து வேகம் தணிந்துதான் நம் தலைக்கு வருகிறது. பெரியவர்களுக்கு அங்கே பயம் வழுக்கும் பாறைதான். எண்ணெய் தேய்ப்பதும் தப்பில்லை. மெலிந்த முதுகில் முழங்கையை ஊன்றுவதும், ஏறி மிதிப்பதும், முறுக்கிச் ‘சொடக்கு’ எடுப்பதும்தான் ஆபத்து. எண்ணெய் தேய்க்கும் தொழிலாளர்களைக் கூட்டி அரைநாள் பயிற்சி கொடுத்தால் போதும். 60 வயதுக்கு மேற்பட்டவர் வந்தால் அவர்கள் இரண்டு கேள்வி கேட்கட்டும்: “முதுகுவலி புதுசா வந்ததா? முன்னைக்கு இப்ப குள்ளமாயிருக்கீங்களா?” ஏதாவது ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் கை காலுக்கு மட்டும் தேய்த்துவிட்டு, முதுகை எக்ஸ்-ரேக்கு அனுப்பிவிடலாம்.

அந்த அம்மா இரண்டாவது ஊசிக்கு வந்திருந்தார். என் அறைச் சுவரில் போன வருடம் பென்சிலால் போட்ட கோட்டுக்குக் கீழே நிறுத்தினேன். 145-லேயே நின்றது. சேலையை என்ன செய்தார்கள் என்று மகளிடம் கேட்டேன். கரையை உள்ளே மடித்துத் தைத்துவிட்டாராம்.